செஞ்சியா, ஜிஞ்சியா? தேடுபவர் கையில் சிக்கும் வீடியோ எது?

ராஜகிரி மலை உச்சியில் நின்று எடுத்த ஒரு ரீல்ஸ். கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் பாறைகள், நடுவில் கல்யாண மஹாலின் கூரிய முகடு, எதிரே கிருஷ்ணகிரி மலை, தூரத்தில் திருவண்ணாமலை நோக்கிப் போகும் ஒரு பஸ். முப்பது விநாடிதான். வெளிச்சமும் கோணமும் நன்றாக அமைந்திருக்கின்றன. அதன் அடியில் இருக்கும் கேப்ஷன் இது:

```
Peace 🔥 #reels #viral #trending #explore #tamil
```

இந்த வரியில் செஞ்சி என்ற பெயர் இல்லை. கோட்டை என்ற சொல் இல்லை. மாவட்டமும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு செஞ்சிக்குப் போகலாமா, படி ஏற முடியுமா என்று பார்க்க நினைக்கும் ஒருவர் இன்ஸ்டாகிராமின் தேடல் கட்டத்தில் `gingee fort` என்று அடித்தால், இந்த வீடியோவை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அந்த ஆப்பிடம் எழுத்து வடிவில் எந்தப் பிடிமானமும் கிடையாது. படம் மட்டும் இருக்கிறது. படத்துக்குப் பெயர் இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் 'மராத்தியர் ராணுவ நிலவமைப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகள் சேர்க்கப்பட்டன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மிச்சமுள்ள ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. சிவாஜி 1677இல் கைப்பற்றிய கோட்டை, அவர் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகைக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த கோட்டை என்பதால் மராத்தியருக்கு இது சொந்த வரலாறு. அவர்கள் நாவில் இதன் பெயர் 'ஜிஞ்சி'. ஆங்கிலப் புத்தகங்களில் 'கிஞ்சி' என்றும் 'ஜிஞ்சி' என்றும் படிக்க இடம் கொடுக்கும் `Gingee`. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூப்பிடுவது 'செஞ்சி, செஞ்சி'. மூன்று பேரும் ஒரே கோட்டையைத்தான் தேடுகிறார்கள். அடிக்கும் எழுத்து மட்டும் வேறு.

குறுவீடியோக்களில் ஹேஷ்டேக், கேப்ஷன் பற்றிய பேச்சு முழுவதும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது: தேடுபவர் எந்தச் சொல்லை, எந்த எழுத்தில் அடிப்பார்?

## ஹேஷ்டேக்குக்கு இப்போது என்ன வேலை?

சொல்லுக்கு முன்னால் `#` போட்டு ஒரே விஷயம் பற்றிய பதிவுகளை ஒன்றுசேர்க்கலாம் என்று 2007 ஆகஸ்டில் ட்விட்டரில் யோசனை சொன்னவர் கிறிஸ் மெசினா. இன்ஸ்டாகிராமுக்கு அது 2011இல் வந்தது. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபின், அதே ஆண்டிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் அந்த இடத்தை நிரப்ப வந்தன. டிக்டாக் காலத்துப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. எதற்கும் ஒரு கை `#viral` அள்ளிப் போடும் பழக்கம் அது.

அந்தக் காலத்தில் ஹேஷ்டேக் ஓர் அலமாரித் தட்டு மாதிரி. ஒரு தட்டைத் திறந்தால் அதில் உள்ளவை எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒரு ஹேஷ்டேக்கைப் பின்தொடரவும் முடிந்தது. பின்தொடரும் அந்த வசதியை இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. ஒரு பதிவில் 30 வரை போடலாம் என்றிருந்த வரம்பை 5 ஆகக் குறைப்பதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஹேஷ்டேக் போடுவதால் ஒரு பதிவு பரவும் அளவு பெரிதாகக் கூடிவிடாது என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி பல முறை சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டு ஹேஷ்டேக்கே வீண் என்று முடிவு கட்டுவது தவறு. இரண்டு வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் சும்மா விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது எந்த வீடியோ வந்து நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவர் இதற்குமுன் எதை முழுதாகப் பார்த்தார், எதைத் தள்ளிவிட்டார், எதைப் பிறருக்கு அனுப்பினார் என்ற பழக்கம். அங்கே ஹேஷ்டேக்கின் பங்கு சொற்பம். ஒருவர் தேடல் கட்டத்தில் ஒரு சொல்லை அடிக்கும்போது கதை வேறு. அடித்த சொல்லைக் கணக்கின் பெயர், கணக்கு பற்றிய குறிப்பு, கேப்ஷன், ஹேஷ்டேக், இடம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்ப்பதாக இன்ஸ்டாகிராம் 2021இல் வெளியிட்ட விளக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. தேடலில் வர வேண்டுமானால் முக்கியச் சொற்களைக் கமென்ட்டில் போடாமல் கேப்ஷனிலேயே போட வேண்டும் என்பதும் அந்த விளக்கத்தில் இருந்த அறிவுரை. 'கேப்ஷன் பார்க்க அழகாக இருக்கட்டும், ஹேஷ்டேக் முதல் கமென்ட்டில் போதும்' என்று இன்றும் செய்கிறவர்கள் தேடல் வழியைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள்.

> பெட்டிச் செய்தி: எண்களில் வரம்பு
>
> இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் 2,200 எழுத்துகள் வரை எழுதலாம். முதல் ஓரிரு வரி மட்டும் கண்ணில் படும். மீதி 'மேலும்' என்பதற்குள் மறைந்துவிடும்.
>
> யூடியூபில் தலைப்புக்கு 100 எழுத்து. ஒரு வீடியோவில் ஹேஷ்டேக் 60ஐத் தாண்டினால் அத்தனையையும் யூடியூப் கணக்கில் எடுக்காது. 'டேக்ஸ்' என்று தனிக் கட்டம் ஒன்றும் உண்டு. பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கட்டத்துக்குத் தேடலில் மிகக் குறைந்த பங்குதான்; பெயரைப் பலரும் தப்பாக எழுதும் இடங்களில் உதவும் என்று யூடியூபே சொல்கிறது.

## ஊர் ஒன்று, எழுத்து பல

விழுப்புரம் ரயில்வே ஜங்ஷன் பலகையில் இருப்பது `Villupuram`. மாவட்ட நிர்வாகத்தின் இணையதள முகவரியில் இருப்பது `viluppuram`. 'ழ' சரியாக வரட்டும் என்று நினைப்பவர் `vizhupuram` என்று அடிப்பார். அவசரக்காரர் `vilupuram` என்று ஓர் எழுத்தை விழுங்குவார். திண்டிவனமும் அப்படித்தான். பலகையில் `Tindivanam`, ஆனால் 'தி' என்ற ஒலிக்கு `thi` போட்டுப் பழகிய தமிழ் விரல் `thindivanam` என்றே போகும்.

ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றத் தமிழக அரசே 2020இல் முயன்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் புதிய எழுத்து அறிவித்த அரசாணை அது. அந்த எழுத்துகள் பற்றியே ஏகப்பட்ட ஆட்சேபம் வர, சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரே எழுத்து என்று அரசாலேயே நிலைநிறுத்த முடியாததை, செல்போனில் அடிக்கும் லட்சக்கணக்கான விரல்களிடம் எதிர்பார்க்க முடியாது.

சென்னை, மதுரை போன்ற பெயர்களை எப்படித் தப்பாக அடித்தாலும் ஆப்கள் புரிந்துகொள்கின்றன. பல கோடிப் பேர் அடித்துத் திருத்திய பழக்கம் அவற்றிடம் சேர்ந்திருக்கிறது. கழுவெளிக்கு அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. மரக்காணத்துக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் இந்தச் சதுப்பு நிலம் 2021இல் பறவைகள் சரணாலயமானது; 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அரசு ஆவணங்களில் `Kazhuveli`. பழைய ஆங்கிலக் குறிப்புகளிலும் பறவை ஆர்வலர் எழுத்திலும் `Kaliveli`. பேச்சில் கேட்டு அடிப்பவருக்கு `Kaluveli`. பூநாரைக் கூட்டத்தை அருமையாகப் படம் பிடித்து `#kazhuveli` என்று மட்டும் போட்டுவிட்டால், `kaliveli lake birds` என்று தேடும் பறவை ஆர்வலரிடம் அது போய்ச் சேராமல் போக வாய்ப்பு அதிகம். அந்த வீடியோவை உள்ளபடியே தேடிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

எந்த எழுத்து அதிகம் தேடப்படுகிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. யூடியூப் தேடல் கட்டத்தில் `thindi` வரை அடித்து நிறுத்தினால் கீழே பரிந்துரைகள் வரும். பிறகு `tindi` என்று அடித்துப் பார்க்க வேண்டும். பரிந்துரையாக வருபவை எல்லாம் மற்றவர்கள் முன்பு தேடிய சொற்கள். ஊர்ப் பெயரோடு என்ன ஒட்டி வருகிறது என்பதையும் பார்க்கலாம்: பஸ் ஸ்டாண்டா, பிரியாணியா, மனை விற்பனையா என்று. ஒரு எச்சரிக்கை: சொந்தக் கணக்கில் தேடினால் சொந்தப் பழக்கமே திரும்பி வரும். தன் கணக்கு இல்லாத வேறொரு போனில் தேடுவதே நல்லது. கூகுள் டிரெண்ட்ஸில் யூடியூப் தேடலை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் சிறிய ஊர்ப் பெயர்களுக்குப் பல நேரம் 'போதிய தரவு இல்லை' என்றே வரும். அப்போது தேடல் கட்டத்தின் பரிந்துரைதான் கை கொடுக்கும்.

## ஒரு கேப்ஷன் உருவாகும் விதம்

அந்த ராஜகிரி வீடியோவையே எடுத்துக்கொள்ளலாம். பார்ப்பவர் யார் யார்? விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரியிலிருந்து ஒருநாள் பயணமாக வருபவர்; சென்னையிலிருந்து வார இறுதிக்கு இடம் தேடுபவர்; யுனெஸ்கோ செய்தி படித்துவிட்டுத் தேடும் வெளிமாநிலத்தவர். அவர்களுக்குத் தெரிய வேண்டியது கோட்டை எங்கே இருக்கிறது, ஏற எவ்வளவு நேரமாகும், மேலே என்ன இருக்கிறது என்பவை. கேப்ஷன் இப்படி மாறுகிறது:

```
செஞ்சி கோட்டை, ராஜகிரி உச்சி | Gingee Fort (Senji Kottai)
விழுப்புரம் மாவட்டம். திண்டிவனம் - திருவண்ணாமலை சாலை.
கீழிருந்து உச்சி வரை ஏறும் வழி, 2026 ஜனவரி.
#செஞ்சிகோட்டை #gingeefort #senjikottai #jinjifort #villupuram
```

முதல் வரியில் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவருக்கான பெயர் மூன்றும் வந்துவிடுகின்றன. 'மேலும்' என்பதை அழுத்தாதவருக்கும் வீடியோ எதைப் பற்றியது என்று புரிகிறது. இரண்டாம் வரி இடம் தெரியாதவருக்கு. கோட்டை திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டரில், சாலையோரமாகவே இருக்கிறது. அந்தச் சாலையின் பெயரைச் சொல்லிவிட்டால் வழியும் சொன்னதாகிவிடும், இரண்டு ஊர்ப் பெயர்களும் தேடலுக்குள் வந்துவிடும். மூன்றாம் வரியில் மாதமும் ஆண்டும் இருப்பது, பாதை மாறியபின் பார்ப்பவர் ஏமாறாமல் இருக்க. ஐந்து ஹேஷ்டேக்கில் நான்கு வெவ்வேறு மனிதர்களின் நான்கு எழுத்துகள், ஐந்தாவது மாவட்டம். மராத்தியர் உச்சரிப்புக்கு ஒன்று ஒதுக்கியிருப்பது, கோட்டை இன்று இருக்கும் நிலையில் நியாயமான செலவு.

எதைப் போடக் கூடாது என்பது இன்னும் சுவையானது. செஞ்சியின் மூன்று மலைகளில் ஒன்றின் பெயர் கிருஷ்ணகிரி. ஆசையாக `#krishnagiri` போட்டால் வீடியோ போய் விழுவது மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் நடுவே. கோட்டைக்குள் இருக்கும் அடுக்கு மாளிகையின் பெயர் கல்யாண மஹால். `#kalyanamahal` என்று தேடுபவருக்கு வேண்டியது முகூர்த்தத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் மண்டபம். அவர்கள் அரை விநாடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். தவறான ஆளிடம் காட்டிய வீடியோ சும்மா இருந்துவிடுவதில்லை. பலரும் உடனே தள்ளிவிடும் வீடியோ என்ற கணக்கு அதன்மேல் ஏறுகிறது. அடுத்த சுற்றில் சரியான ஆட்களிடம் போவதும் குறைகிறது. அந்தப் பெயர்களைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் 'செஞ்சி கோட்டை கல்யாண மஹால்' என்று வாக்கியத்துக்குள் சேர்த்து எழுதினால் போதும். பக்கத்துச் சொல் அதன் பொருளைத் திருத்திக் கொடுக்கும்.

வீடியோவின் மேல் பொறிக்கும் எழுத்தும் வாயால் சொல்லும் சொல்லும் இதே பெயரைச் சொல்வது நல்லது. பேச்சைத் தானே எழுத்தாக்கும் வசதி ஆப்களில் வந்துவிட்ட நிலையில், தொடக்கத்திலேயே 'இது செஞ்சிக் கோட்டை' என்று ஒரு குரல் சொல்வது வீண்போகாது. பதிவிடும்போது இடம் என்ற கட்டத்தில் செஞ்சிக் கோட்டையைத் தேர்ந்தெடுப்பதும் அப்படியே. ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பக்கங்கள் பட்டியலில் வந்தால், ஒவ்வொன்றையும் திறந்து, அதிகப் பதிவுகள் சேர்ந்திருப்பது எதுவோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

## தமிழ் எழுத்தில் ஒளிந்திருக்கும் கண்ணிகள்

ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் எந்த வாக்கியத்தில் வந்தாலும் அப்படியே நிற்கும். தமிழில் நிற்காது. விழுப்புரம், வேற்றுமை உருபு ஏறியதும் விழுப்புரத்தில், விழுப்புரத்துக்கு, விழுப்புரத்திலிருந்து என்று உடம்பே மாறிவிடுகிறது. திண்டிவனம் 'திண்டிவனத்து' ஆகிறது. 'திண்டிவனத்துல செம்ம மழை' என்ற கேப்ஷனில் 'திண்டிவனம்' என்ற சொல் எழுத்துக்கு எழுத்து கிடையாது. தமிழின் இந்த மாற்றங்களை எல்லாத் தேடல்களும் சரியாகப் பிடித்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பதைவிட, பெயரை உருபு ஏறாமல் ஒரு முறையாவது எழுதிவிடுவது பாதுகாப்பு. 'திண்டிவனம் மழை' என்று தலைப்பு மாதிரி ஓர் இடத்தில் வந்துவிட்டால், மற்ற வரிகளில் பேச்சு வழக்கு எப்படிப் போனாலும் கவலையில்லை.

சந்தி எழுத்தும் இதே வகை. இலக்கணப்படி 'செஞ்சிக் கோட்டை'. தேடல் கட்டத்தில் 'க்' போடுபவர் மிகக் குறைவு. கேப்ஷனின் உள்வரியில் இலக்கணத்தோடு எழுதி, ஹேஷ்டேக்கில் `#செஞ்சிகோட்டை` என்று விட்டால் இரண்டு பேருக்கும் சேரும். தமிழாசிரியர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் ஹேஷ்டேக் என்பது ஒரு முகவரிச் சீட்டு. தேடி வருபவர் கையில் எந்த எழுத்து இருக்கிறதோ அந்த எழுத்துதான் அதில் இருக்க வேண்டும்.

இடைவெளியும் நிறுத்தற்குறியும் ஹேஷ்டேக்கை அறுத்துவிடும். `#செஞ்சி கோட்டை` என்று இடம் விட்டு எழுதினால் ஹேஷ்டேக் ஆவது 'செஞ்சி' மட்டும். விக்கிரவாண்டி அருகே உள்ள ஊரை `#வி.சாலை` என்று புள்ளி வைத்து எழுதினால், மிஞ்சுவது 'வி' என்ற ஒற்றை எழுத்து. பதிவிட்ட பின் நிறம் மாறியிருக்கும் பகுதி எதுவரை என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

கண்ணால் பார்த்தும் தெரியாத பிழை ஒன்று இருக்கிறது. 'கழுவெளி' என்ற சொல்லில் உள்ள 'வெளி', வகரத்துக்கு ஒற்றைக் கொம்பு போட்டு அடுத்து 'ளி' எழுத வேண்டிய சொல். சிலர் 'வௌ' என்ற ஔகார எழுத்தை அடித்து, அதன் பின்னால் கொக்கியை மட்டும் சேர்த்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். சரியாக அடித்துத் தேடுபவருக்கு அந்தப் பதிவு அகப்படாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அந்தச் சொல்லின் முடிவில் போய் ஒவ்வொரு எழுத்தாக அழித்துப் பார்க்க வேண்டும். 'ளி' அழிந்தபின் 'வெ' மட்டும் நின்றால் சரி. கொம்பும் கூடவே போய் வெறும் 'வ' நின்றால் அங்கே இருந்தது ஔகாரம்.

> பெட்டிச் செய்தி: ஸ்டுடியோவிலிருந்து வரும் `nrQ;rp`
>
> போட்டோ ஸ்டுடியோக்களிலும் டிடிபி கடைகளிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் 'செஞ்சி' என்று அடிக்கும்போது உள்ளே பதிவது `nrQ;rp` என்ற ஆங்கில எழுத்துகள். பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. வீடியோவின்மேல் படமாகப் பொறித்தால் பிரச்சினை தெரியாது. அதே வரியை நகலெடுத்து கேப்ஷனில் ஒட்டினால் கிறுக்கலாக வந்து நிற்கும். அந்த வரியை யூனிகோடுக்கு மாற்றிய பின்தான் ஒட்ட வேண்டும். அல்லது போனிலேயே புதிதாக அடித்துக்கொள்ளலாம்.

## கடைக்காரருக்கு வேறு கணக்கு

கோட்டைக்கு எந்த ஊர்க்காரரும் வரலாம். திண்டிவனத்தில் மணப்பெண் அலங்காரம் செய்பவருக்கு மும்பையிலிருந்து பத்தாயிரம் பார்வை வந்து பயனில்லை. திண்டிவனம், மயிலம், மரக்காணம், செஞ்சி வட்டாரத்தில் தை மாதத்தில் கல்யாணம் வைத்திருக்கும் இருபது வீட்டாரின் கண்ணில் பட்டால் போதும்.

இந்த வீட்டார் என்ன அடிப்பார்கள்? `bridal makeup tindivanam`. தமிழிலும் 'பிரைடல் மேக்கப்' என்றுதான் சொல்வார்கள். 'மணப்பெண் ஒப்பனை' என்று அடிப்பவர் அபூர்வம். தொழிலின் பெயர், ஊரின் பெயர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவதே இங்கே முழு வித்தை. இதற்குச் சிறந்த இடம் கேப்ஷனைவிடக் கணக்கின் பெயர்க் கட்டம். இன்ஸ்டாகிராமில் `@` முகவரி வேறு, அதன் கீழே வரும் பெயர் வேறு. தேடல் இரண்டையும் பார்க்கிறது. கடையின் செல்லப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர், அதோடு தொழிலையும் ஊரையும் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு வீடியோவுக்கும் அது துணை நிற்கும்.

`#nearme` என்று ஹேஷ்டேக் போடும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. 'பக்கத்தில்' என்று தேடுபவருக்கு எது பக்கம் என்பது அவருடைய போன் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கடைக்காரர் அந்தச் சொல்லை எழுதுவதால் கடை யாருக்கும் பக்கத்தில் வந்துவிடாது. அந்த ஓர் இடத்தில் 'மயிலம்' என்றோ 'ஒலக்கூர்' என்றோ, போய் வேலை செய்து தரும் ஓர் ஊரின் பெயரைப் போடலாம்.

வணிகக் கணக்குகளுக்கு இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. பொதுவில் திறந்திருக்கும் தொழில்முறைக் கணக்குகளின் பதிவுகளை கூகுள் போன்ற தேடுபொறிகள் காட்டுவதற்கு 2025 ஜூலை முதல் இன்ஸ்டாகிராம் வழி திறந்திருக்கிறது. வேண்டாம் என்பவர் அமைப்புகளில் நிறுத்திக்கொள்ளலாம். இனி கேப்ஷன் என்பது இன்ஸ்டாகிராமுக்குள் இருப்பவர் மட்டும் படிக்கும் வரி கிடையாது. 'விலைக்கு டிஎம் பண்ணுங்க' என்று மட்டும் எழுதியிருக்கும் பதிவிலிருந்து கூகுளில் தேடி வருபவர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

## புயல் நேரத்து ஹேஷ்டேக்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த புயல், விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயில்கள் நின்றன. சென்னையிலிருந்து தெற்கே கிளம்பியவர்கள் சாலை திறந்திருக்கிறதா என்று போனில்தான் தேடினார்கள்.

அந்தப் புயலின் பெயரையே தமிழில் ஃபெஞ்சல், ஃபெங்கல், பெஞ்சல் என்று விதவிதமாக எழுதினார்கள். ஒரு எழுத்தில் தேடியவருக்கு இன்னொரு எழுத்தில் பதிவானது தெரியாமல் போகும். இப்படிப்பட்ட நேரத்தில் புயலின் பெயரைவிட இடத்தின் பெயர் நம்பகமானது. 'அரசூர்', 'முண்டியம்பாக்கம்' என்று எழுதுவதில் யாருக்கும் குழப்பமில்லை. அதோடு தேதியும் மணியும். '2.12.2024 காலை 9 மணி, அரசூர், திருச்சி மார்க்கம்' என்று ஒரு வரி இருந்தால், அதைப் பார்த்து ஒரு குடும்பம் பயணத்தைத் தள்ளிப்போடலாம், ஓர் ஆம்புலன்ஸ் வேறு சாலையில் திரும்பலாம்.

இதற்கு நேர் எதிரான வேலை, பழைய வெள்ள வீடியோவை அன்றைய ஹேஷ்டேக்கோடு ஏற்றுவது. பார்வை குவியும், பயந்துபோய்த் தேடுபவர்தான் அதில் பலி. விழுப்புரத்துக்குச் சம்பந்தமே இல்லாத வீடியோவுக்கு `#villupuramflood` போடுபவர், உதவி கேட்டு அதே ஹேஷ்டேக்கில் பதிவிட்டிருக்கும் ஒருவரைக் கீழே தள்ளுகிறார். வீடியோவுக்குத் தொடர்பில்லாத தலைப்பு, விவரம், ஹேஷ்டேக் போடுவது யூடியூப் விதிகளுக்கு எதிரானது. வீடியோ நீக்கப்படவும் கூடும். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெள்ளத்தின்போது ஒரு ஹேஷ்டேக் பொதுக் கிணறு மாதிரி. அதில் குப்பை கொட்டுவது குற்றம் என்ற எண்ணம் பதிவிடுபவருக்கு வர வேண்டும்.

பகிர்பவரும் கொஞ்சம் நிதானிக்கலாம். ஹேஷ்டேக் நம்பத்தக்கதா என்று பார்ப்பதற்கு முன்னால், வீடியோவில் கடைப் பலகை, பஸ் எண், ஊர்ப் பெயர் எதுவும் தெரிகிறதா, அது கேப்ஷனோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பல பழைய வீடியோக்கள் பிடிபட்டுவிடும்.

## பலன் தெரிவது எப்படி?

பார்வை எண்ணிக்கையை வைத்துத் தேடலின் பலனை அளக்க முடியாது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று கணக்காகிறது. முன்போலச் சில விநாடி பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எண் பெருத்திருப்பதில் வியப்பில்லை.

பார்க்க வேண்டியது யூடியூப் ஸ்டுடியோவில் பார்வை எங்கிருந்து வந்தது என்று சொல்லும் பகுதி. 'யூடியூப் தேடல்' என்பதைத் திறந்தால், மக்கள் எந்தச் சொற்களை அடித்து அந்த வீடியோவுக்கு வந்தார்கள் என்ற பட்டியலே கிடைக்கும். ஷார்ட்ஸில் பெரும்பங்கு பார்வை தள்ளித் தள்ளிப் பார்ப்பதிலிருந்துதான் வரும். தேடலில் வருவது சிறு பங்கு. அந்தச் சிறு பங்கு அடித்த சொற்கள்தான் தங்கம். `senji fort timing` என்று பலர் வந்திருந்தால், கோட்டை திறக்கும் நேரத்தைச் சொல்லும் அடுத்த வீடியோவுக்குத் தலைப்பு தயார். இன்ஸ்டாகிராம் இப்படிச் சொற்பட்டியல் தருவதில்லை. அங்கே, பின்தொடராதவர் எவ்வளவு பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள் என்பதே குறிப்பு. போக வேண்டிய இடத்தைத்தான் மக்கள் சேமிக்கிறார்கள்.

ஏற்றிவிட்ட வீடியோவின் கேப்ஷனைத் திருத்தலாம் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலில் அமாவாசைதோறும் இரவில் ஊஞ்சல் உற்சவம். அன்று எடுத்த வீடியோவில் 'இன்று இரவு ஊஞ்சல்' என்று எழுதிவிட்டால், அடுத்த அமாவாசைக்குத் தேடி வருபவருக்கு அது பொய்யாகிவிடுகிறது. 'மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல் | Melmalayanur Amavasai' என்று முதல் வரியை மாற்றி, கீழே எந்த மாதத்து அமாவாசையில் எடுத்தது என்று சேர்க்க ஒரு நிமிடம் ஆகும். மாதத்துக்கு ஒரு முறை, அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாகவே, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவர்களோடு சேர்ந்து அந்த வீடியோவைத் தேடுபவர்களும் வந்துவிடுவார்கள்.